படச்சட்டத்துக்குள் 180 மீட்டர் கடற்கரை

செயற்கை நுண்ணறிவு வரைந்த "ட்ரோன் பார்வை" கடற்கரைப் படங்களில் ஒரு பொதுக் குறை உண்டு. நிறம் சரியாக இருக்கும், நுரை சரியாக இருக்கும், மணலின் ஈரம்கூடச் சரியாக இருக்கும். ஆனாலும் அந்தக் கடல் கடலாகத் தோன்றாது. ஒன்று, மேசைமேல் செய்துவைத்த மாதிரி உருவம்போல் இருக்கும். இல்லையென்றால், செயற்கைக்கோள் எடுத்த படத்தில் யாரோ படகுகளைக் கொண்டுவந்து ஒட்டியதுபோல் இருக்கும். பார்ப்பவருக்கு ஏனென்று சொல்லத் தெரியாது. ஏதோ இடிக்கிறது என்று மட்டும் தெரியும். இடிப்பது அளவு. படத்தின் ஒரு மூலை இது 20 மீட்டர் என்கிறது, இன்னொரு மூலை 2 கிலோமீட்டர் என்கிறது.

இதைத் திருத்த "மிகத் துல்லியமான", "பிரமாண்டமான", "8கே" என்று ப்ராம்ப்ட்டில் சொற்களைக் கூட்டுவது வழக்கம். அவை பெரும்பாலும் நிலைமையை மோசமாக்கும். காரணத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, உயரத்திலிருந்து பார்க்கும்போது இயற்கை எதையெல்லாம் வைத்துத் தன் அளவைக் காட்டுகிறது, எங்கே மறைக்கிறது என்பது.

மறைக்கும் இடத்தில் தொடங்குவோம். ஒரு நாட்டின் கடற்கரை எவ்வளவு நீளம் என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது என்பதை லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் கண்டார். அளக்கும் கோல் சிறியதாகச் சிறியதாக, நீளம் கூடிக்கொண்டே போகும். பெனுவா மாண்டல்பிராட் 1967-ல் 'சயன்ஸ்' இதழில் இதைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். பிரிட்டனின் மேற்குக் கரைபோல் வளைந்து நெளிந்த கரையில், பெரிய வளைவுக்குள் சிறிய வளைவு, அதற்குள் அதைவிடச் சிறிய வளைவு என்று ஒரே மாதிரி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட கரையின் படத்தைக் கையில் கொடுத்தால் அது 200 மீட்டரா, 20 கிலோமீட்டரா என்று கோட்டை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. நிலவியலாளர்கள் பாறையைப் படமெடுக்கும்போது பக்கத்தில் சுத்தியலையோ நாணயத்தையோ வைப்பது இதனால்தான்.

மாண்டல்பிராட் அதே கட்டுரையில் எதிர்த்திசையில் இன்னொரு கரையையும் காட்டினார். தென்னாப்பிரிக்காவின் கரை ஏறக்குறைய வழவழப்பான கோடு. அங்கே கோலை மாற்றினாலும் நீளம் அதிகம் மாறாது. நம் சோழமண்டலக் கரையின் மணற்பகுதிகளும் அந்தப் பக்கம் சேர்ந்தவை. அலையும் நீரோட்டமும் மணலை ஓயாமல் இழுத்துச் சமன் செய்துகொண்டே இருப்பதால், சில நூறு மீட்டருக்குள் பார்த்தால் கரை கிட்டத்தட்ட நேர்கோடுதான். படம் வரையும் மென்பொருளிடம் "கடற்கரை" என்று மட்டும் சொன்னால், பாறைக் குடாக்களும் நெளிவுகளும் நிறைந்த கரையைத்தான் அது விரும்பித் தரும். பார்ப்பவர் கண், அத்தனை நெளிவு இருக்க வேண்டுமானால் பல கிலோமீட்டர் தூரம் தெரிகிறது என்று எடுத்துக்கொள்ளும். அங்கேயே முதல் பிசகு.

ஆகவே ப்ராம்ப்ட் எழுதும் முன் ஒரு கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது. சட்டத்துக்குள் எத்தனை மீட்டர் தரை அடங்கும்?

நாகப்பட்டினத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் இடைப்பட்ட மாதிரியான ஒரு மணற்கரையை எடுத்துக்கொள்வோம். கரை ஏறக்குறைய வடக்கு தெற்காக ஓடுகிறது, கிழக்கே கடல், மேற்கே தென்னந்தோப்பு. ட்ரோன் 120 மீட்டர் உயரத்தில், நேர் கீழே பார்த்தபடி நிற்கிறது. 120 மீட்டரை நான் சும்மா சொல்லவில்லை. இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகளில் பச்சை மண்டலத்துக்கு வைத்த உச்ச உயரம் அதுதான், 400 அடி. நம்பத்தகுந்த ட்ரோன் படம் என்றால் பெரும்பாலும் இந்த உயரத்துக்குள்தான் இருக்கும். சாதாரண ட்ரோன் கேமராவின் லென்ஸ், பழைய 35 மி.மீ. ஃபிலிம் கணக்கில் 24 மி.மீ. லென்ஸுக்குச் சமம். ஃபிலிமின் அகலம் 36 மி.மீ. அப்படியானால் தரையில் தெரியும் அகலம், உயரத்தை 36-ஆல் பெருக்கி 24-ஆல் வகுத்தது, அதாவது உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு. 120 மீட்டரில் 180 மீட்டர் அகலம். மூன்றுக்கு இரண்டு என்ற விகிதச் சட்டத்தில் மற்றப் பக்கம், அதாவது கரை ஓடும் பக்கம், 120 மீட்டர்.

இந்த 180 என்ற எண் கிடைத்தவுடன் மற்றதெல்லாம் தானாக வரிசைக்கு வரும். மீனவர்களின் ஃபைபர் படகு சுமார் 9 மீட்டர் நீளம். அகலத்தில் இருபதில் ஒரு பங்கு. தென்னங்கன்றை 25 அடி இடைவெளியில் நடுகிறார்கள், 7.5 மீட்டர், சட்டத்தின் குறுக்கே ஒரே வரிசை நட்டால் 24 மரம். ஆள்? தோளோடு தோள் அரை மீட்டருக்குக் குறைவு. படத்தின் அகலம் 1536 பிக்சல் என்றால் ஒரு பிக்சல் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் தரை. ஆள் நான்கு பிக்சல். மேலிருந்து பார்த்தால் அது ஒரு புள்ளி, அவ்வளவுதான். காலை வேளையில் சூரியன் 30 டிகிரி உயரத்தில் இருக்கும்போது அவர் நிழல் மூன்று மீட்டருக்கு நெருங்கி நீளும், ஏறக்குறைய 24 பிக்சல். உண்மையான ட்ரோன் படங்களில் கடற்கரையில் நிற்பவர்களை அவர்கள் நிழலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம். மென்பொருள் வரைந்த படத்தில் தொப்பியும் துண்டும் கையும் காலுமாக ஆள் தெரிந்தால், ஒன்று ட்ரோன் 20 மீட்டருக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும், இல்லை அந்த ஆள் பத்து மீட்டர் உயரம் இருக்க வேண்டும்.

வயலுக்கும் இதே கணக்குத்தான். 180-க்கு 120 மீட்டர் என்றால் 21,600 சதுர மீட்டர், சுமார் 5.3 ஏக்கர். தஞ்சைப் பக்கத்துக் கணக்கில் மூன்று மா ஓர் ஏக்கர் என்பதால் 16 மா, ஒரு வேலிக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, ஒரு மாவுக்கு ஒரு வரப்பு என்று வைத்தால் சட்டத்துக்குள் பதினாறு வயல்கள் தெரியலாம். எழுபது எண்பது கட்டங்கள் தெரிந்தால் அது ட்ரோன் உயரம் இல்லை. நடவு வரிசைகளுக்கு இடைவெளி 20 செ.மீ. என்றால், ஒரு வரிசைக்கு இரண்டு பிக்சல்கூட முழுதாகக் கிடையாது. ஒரு கோட்டையும் அடுத்த இடைவெளியையும் பிரித்துக் காட்டக் குறைந்தது இரண்டு பிக்சல் வேண்டும். ஆகவே 120 மீட்டர் உயரத்தில் நாற்று வரிசைகள் தெரியக் கூடாது. மெல்லிய சொரசொரப்பான பச்சைதான் தெரிய வேண்டும். வரைந்த படங்களில் வரிசைகள் பத்துப் பன்னிரண்டு பிக்சல் இடைவெளியோடு சீப்பு வாரியதுபோல் பளிச்சென்று ஓடும். அந்த வரிசைகளை நம்பினால் ட்ரோன் சுமார் 17 மீட்டரில் நிற்கிறது. சுற்றியுள்ள வரப்புகளை நம்பினால் 120 மீட்டரில் நிற்கிறது. ஒரே படத்தில் இரண்டு ட்ரோன்.

வயலை இங்கேயே விட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்புவோம். அங்கேதான் இயற்கை தன் அளவை மிக வெளிப்படையாகக் காட்டுகிறது, அலைகளின் வழியாக.

கரைக்கோடு அளவைச் சொல்லாது, அலை சொல்லும். ஏனென்றால் அலையின் நீளத்தைப் புவியீர்ப்பும் நேரமும் ஆழமும் கட்டிப்போட்டிருக்கின்றன. ஓர் அலைமுகடு வந்து எட்டு விநாடி கழித்து அடுத்த முகடு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆழ்கடலில் அந்த அலைகளுக்கு இடையே சுமார் 100 மீட்டர் தூரம் இருக்கும். விநாடியை வர்க்கமாக்கி 1.56-ஆல் பெருக்கினால் வரும் விடை அது. கரையை நெருங்க நெருங்க ஆழம் குறைகிறது, அலையின் வேகமும் குறைகிறது. ஆழமற்ற நீரில் வேகம், ஆழத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கிக் கிடைப்பதன் வர்க்கமூலம். ஆழம் 2 மீட்டர் என்றால் விநாடிக்கு 4.4 மீட்டர், 1 மீட்டர் என்றால் 3.1 மீட்டர். ஆனால் எட்டு விநாடி என்பது மாறாது. முன்னால் போகும் முகடு மெதுவாகிறது, பின்னால் வருவது நெருங்கிவிடுகிறது. இடைவெளி 100 மீட்டரிலிருந்து 35-க்கும், பிறகு 25-க்கும் சுருங்குகிறது.

நம் சட்டத்தில் 80 மீட்டர் கடல் இருக்கிறது என்று வைப்போம். கடலடி 40 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற சீரான சரிவில் இறங்கினால், வலது ஓரத்தில் ஆழம் 2 மீட்டர். இந்தச் சரிவில் எட்டு விநாடி அலைகளின் முகடுகள் எங்கெங்கே நிற்கும் என்று கணக்கிட்டால் அழகான ஒரு வரிசை வருகிறது: கரையிலிருந்து ஏறக்குறைய 4, 16, 36, 64 மீட்டர். ஒன்று, நான்கு, ஒன்பது, பதினாறு என்ற வர்க்க எண்களை நான்கால் பெருக்கியது. இடைவெளிகள் 12, 20, 28 என்று கடலை நோக்கி விரிந்துகொண்டே போகின்றன. சரிவு சீராக இருந்தால்தான் இந்த வரிசை இவ்வளவு சுத்தமாக இருக்கும். உண்மைக் கரையில் நீருக்கடியில் மணல்திட்டு இருந்தால் அலை அங்கே ஒருமுறை உடைந்து, உட்பக்கப் பள்ளத்தில் அடங்கி, மறுபடி கரையில் உடையும். ஆனாலும் எண்ணிக்கை பெரிதாக மாறாது. எண்பது மீட்டர் கடலுக்கு நான்கு முகடு, காற்று அலைகள் குறுகியதாக இருந்தால் ஆறேழு. மென்பொருள் சாதாரணமாக வரைவது பதினைந்து இருபது நுரைக்கோடு, அதுவும் சம இடைவெளியில். அந்தப் படத்தை நம்பினால் அலைகள் ஒன்றரை, இரண்டு விநாடிக்கு ஒன்றாக வர வேண்டும். ஏரியில் காற்றடிக்கும்போது அப்படி வரும், வங்கக் கடலில் எழும் பெருங்கடல் அலையில் வராது.

எந்த முகடு நுரைக்கும் என்பதற்கும் கணக்கு உண்டு. அலையின் உயரம் நீரின் ஆழத்தில் ஏறக்குறைய 0.78 மடங்கை எட்டும்போது அது உடைகிறது. 80 செ.மீ. உயர அலை ஒரு மீட்டர் ஆழத்தில் உடையும். நம் சரிவில் அது கரையிலிருந்து 40 மீட்டர். ஆகவே 64-ல் நிற்கும் முகடு இன்னும் உடையாமல் வழவழப்பாக, முதுகில் மட்டும் வெளிச்சம் வாங்கி நிற்கும். 36, 16, 4 மீட்டரில் நிற்பவை நுரைத்திருக்கும். படம் முழுக்க ஒரே மாதிரி நுரை விரித்திருந்தால், கடலுக்கு ஆழம் என்ற ஒன்றே இல்லை என்றுதான் பொருள்.

அலை எந்தத் திசையில் கரையைத் தொடுகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. ஆழ்கடலில் 30 டிகிரி சாய்ந்து வரும் அலை, ஒரு மீட்டர் ஆழத்துக்கு வரும்போது 7 டிகிரிதான் சாய்ந்திருக்கும். ஒளி கண்ணாடிக்குள் நுழையும்போது வளைகிற அதே விதி இங்கேயும் வேலை செய்கிறது. ஆழம் குறைந்த பக்கம் மெதுவாக, ஆழமான பக்கம் வேகமாக நகர்வதால் முகடு தானாகவே கரைக்கு இணையாகத் திரும்பிக்கொள்கிறது. மென்பொருள் படங்களில் அலைகள் 45 டிகிரியில் வெட்டிக்கொண்டு கரையில் மோதுவதை அடிக்கடி பார்க்கலாம். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கப்பல் போன தடம் இல்லாமல், துறைமுகச் சுவர் இல்லாமல் அப்படி நடப்பது அரிது.

கரைக்கோடு நேராக இருக்கும் என்றேன். முழுக்க நேரில்லை. ஈரமணலில் பிறைபிறையாக ஓரம் வெட்டினாற்போல் ஒரு வடிவம் சில நாட்களில் தெரியும். ஒவ்வொரு பிறையும் அடுத்ததும் ஏறக்குறைய ஒரே அளவு. இதற்கு வெளியிலிருந்து யாரும் அச்சு வைப்பதில்லை. ஏறிவரும் நீர் சற்றுத் துருத்திய மேட்டில் வேகம் இழந்து மணலைப் போடுகிறது, பள்ளத்தின் வழியாகத் திரும்பி ஓடும்போது மணலை அள்ளிச் செல்கிறது. மேடு மேலும் மேடாகிறது, பள்ளம் மேலும் பள்ளமாகிறது. இந்த வடிவம் தானாகவே ஒழுங்குபடக்கூடும் என்று வெர்னர், ஃபிங்க் என்ற இருவர் 1993-ல் கணினி மாதிரி கொண்டு காட்டினார்கள். பிறையின் அகலம், நீர் மணலில் எவ்வளவு தூரம் ஏறுகிறதோ அதைப் பொறுத்தது. பிறையின் அகலம் 20 முதல் 30 மீட்டர் என்றால் நம் 120 மீட்டர் நீளக் கரையில் நான்கு முதல் ஆறு பிறைகள் தெரியும். ஒழுங்கு உண்டு, ஆனால் அச்சடித்த ஒழுங்கு இல்லை. ஒன்று கொஞ்சம் பெரியது, ஒன்று அரைகுறை. இயற்கைக் கோலம் என்று ப்ராம்ப்ட்டில் எழுதுவதைவிட இந்தப் பிறைகளைக் கேட்பது பலன் தரும்.

இனி மரங்கள். நேர் கீழே பார்க்கும் படத்தில் உயரத்தைக் காட்ட இரண்டே வழி: நிழல், சாய்வு. நிழல் எல்லோருக்கும் தெரியும். சாய்வைப் பலரும் கவனிப்பதில்லை. கேமராவுக்கு நேர் கீழே நிற்கும் தென்னை, மட்டைகள் விரிந்த ஒரு நட்சத்திரமாகத் தெரியும், தண்டு தெரியாது. நடுவிலிருந்து 70 மீட்டர் தள்ளி நிற்கும் 15 மீட்டர் தென்னையின் தலையோ, அதன் அடியிலிருந்து 10 மீட்டர் வெளிப்பக்கமாகத் தள்ளித் தெரியும். அதன் தண்டு படத்தில் ஒரு கோடாக விழும். சட்டத்தின் ஓரங்களில் உள்ள மரங்கள் எல்லாம் நடுவிலிருந்து வெளியே சாய்ந்து விழுவதுபோல் இருப்பது ட்ரோன் படத்தின் கையெழுத்து. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்திலிருந்து நேர் கீழே பார்க்கும் செயற்கைக்கோள் படத்தில், ஒரு தோப்பின் அளவுக்குள் இந்தச் சாய்வு மரத்துக்கு மரம் மாறுவது தெரியாது. மென்பொருள் எல்லா மரத்தையும் நேர் மேலிருந்து பார்த்த நட்சத்திரமாகவே வரைந்துவிடும். பக்கத்தில் படகு மட்டும் ட்ரோன் உயரத்துக்கு ஏற்ற அளவில் இருக்கும். கண் குழம்புவதில் வியப்பில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகு "120 மீட்டர் உயரம், 24 மி.மீ. லென்ஸ்" என்று எழுதினால் போதுமே என்று தோன்றலாம். போதாது. இந்த மென்பொருள்களுக்குள் மீட்டர் கோல் எதுவும் இல்லை. அவை இணையத்திலிருந்து திரட்டிய படங்களையும் அவற்றோடு வந்த குறிப்புகளையும் இணைத்துக் கற்றவை. ஸ்டேபிள் டிஃப்யூஷன் கற்ற லயான்-5பி என்ற தொகுப்பில் 585 கோடி படங்கள். அவற்றில் சுமார் 230 கோடிக்கு ஆங்கிலக் குறிப்பு. சுற்றுலாப் படத்தின் கீழே உயரத்தையும் லென்ஸையும் எழுதி வைப்பவர் அரிது. "ட்ரோன் பார்வையில் அழகிய கடற்கரை" என்றுதான் எழுதுவார்கள். எனவே "ட்ரோன்" என்ற சொல்லோடு மென்பொருளுக்குள் ஒட்டிக்கொண்டிருப்பது உயரம் இல்லை. நீலப்பச்சைத் தண்ணீர், வெள்ளை மணல், கூட்டிய நிறம் ஆகியவைதான். வங்கக் கடலின் கரையோர நீர் அப்படி இருப்பதில்லை. அலை உடையும் இடத்தில் மணல் கலங்கிச் சாம்பல் பச்சையாக இருக்கும். வடகிழக்குப் பருவமழையில் ஆற்று வண்டலும் சேர்ந்து பழுப்பாகிவிடும்.

முதலில் சொன்ன அந்தச் சொற்கள் ஏன் கெடுக்கின்றன என்பதும் இங்கே விளங்கும். "நுணுக்கமான விவரம்" என்று கேட்டால் மென்பொருள் எல்லா இடத்திலும் சிறு சிறு கோடுகளைச் சேர்க்கும். 12 செ.மீ. பிக்சலில் காட்ட முடியாத மணல் வரிகளையும் இலை நரம்புகளையும்கூட வரைந்துவிடும். உடனே காட்சி மேசையளவுக்குச் சுருங்கிவிடுகிறது. "பிரமாண்டமான" என்றால் உயரம் ஏறிவிடும். பின்னணி மங்கலாக இருந்தால் இன்னும் மோசம். ட்ரோனின் சின்ன சென்சாரும் அகல லென்ஸும் சேர்ந்தால் சில மீட்டருக்கு அப்பால் உள்ளதெல்லாம் ஒரே கூர்மையில் விழும். 120 மீட்டரில் மங்கலுக்கு இடமே இல்லை. ஓரங்கள் மங்கினால் கண் அதைக் கிட்டத்தில் வைத்து எடுத்த பொம்மைப் படமாகவே படிக்கும்.

ஆகவே மீட்டரைச் சொல்லாமல், மீட்டரால் கண்ணுக்குத் தெரியப்போவதைச் சொல்ல வேண்டும். நம் கரைக்கு ஒரு ப்ராம்ப்ட் இப்படி அமையலாம். இந்த மென்பொருள்கள் பெரும்பாலும் ஆங்கிலக் குறிப்புகளோடு கற்றவை என்பதால் அதை ஆங்கிலத்திலேயே தட்டுவது இன்றைக்கும் பாதுகாப்பு.

```
Straight-down drone photo, Coromandel coast, early morning.
Nearly straight sandy shoreline, sea on the right.
Only four wave crests, parallel to shore, gaps widening
seaward; outermost smooth, inner three foaming.
Wet sand edge with five shallow scallops.
Turbid grey-green water.
Four fishing boats on dry sand, each 1/20 of frame width.
People are specks with longer shadows, falling left.
Coconut palms at left edge, crowns leaning outward.
Everything in sharp focus.
```

வரிசையைக் கவனியுங்கள். கோணமும் கரையின் வடிவமும் முதலில், அலை அடுத்து, பொருட்கள் பிறகு. பழைய ஸ்டேபிள் டிஃப்யூஷன் மாதிரிகள் சுமார் 75 சொற்துண்டுகளுக்கு மேல் ஒரே மூச்சில் படிக்காது. அவற்றில் தட்டினால் கடைசி வரிகள் காணாமல் போகலாம். போனால் தென்னையின் சாய்வு போகட்டும், அலையின் எண்ணிக்கை போகக் கூடாது. "இல்லை", "வேண்டாம்" என்ற சொற்களை ப்ராம்ப்ட்டுக்குள் எழுதாமல் இருப்பதும் நல்லது. "பாறை இல்லாத" என்று எழுதினால் பாறை என்ற சொல் வேலை செய்து, இரண்டு பாறையைக் கொண்டுவந்து வைக்கும். அதற்கென்று தனிப் பெட்டி இருக்கும் மென்பொருளில் அங்கே எழுதலாம்.

நிழல் இடப்பக்கம் விழ வேண்டும் என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. வடக்கை மேலே வைத்தால் கடல் வலது பக்கம், அது கிழக்கு. காலைச் சூரியன் கடல் பக்கமிருந்து வருகிறான். நிழல் நிலத்தை நோக்கி விழும். படகின் நிழல் கடலை நோக்கி விழுந்தால் அது மாலைப் படம். படகின் நிழல் ஒரு பக்கமும் தென்னையின் நிழல் இன்னொரு பக்கமும் விழுந்தால் அது எந்த வேளையும் இல்லை.

எவ்வளவு பார்த்து எழுதினாலும் எண்ணிக்கையில் இந்த மென்பொருள்கள் சொதப்பும். நான்கு முகடு கேட்டால் ஏழு வரும். அலைகளைப் பொறுத்தவரை சொல்லை மட்டும் நம்புவதை நான் விட்டுவிடச் சொல்வேன். அதைவிட நம்பகமான வழி, ஒரு கரட்டுப் படத்தை நாமே வரைந்து கொடுப்பது. 1800-க்கு 1200 பிக்சல் வெள்ளைத் தாள் ஒன்றை ஏதாவதொரு ஓவிய மென்பொருளில் திறந்தால், பத்துப் பிக்சல் ஒரு மீட்டர் என்று ஆகிவிடும். இடமிருந்து 500 பிக்சல் வரை கரும்பச்சை, தோப்பு. அடுத்த 400 பிக்சல் வெளிர் மணல். அடுத்த 100 ஈரமணல். மிச்சம் 800 சாம்பல் பச்சை, கடல். ஈரமணலின் கடல் ஓரத்திலிருந்து 40, 160, 360, 640 பிக்சலில் நான்கு கோடு; முதல் மூன்று தடித்த வெள்ளை, கடைசியது மெல்லிய கருமை. மணலில் 90 பிக்சல் நீளத்தில் நான்கு படகு. இதை உள்ளீட்டுப் படமாகக் கொடுத்து, மேலே உள்ள ப்ராம்ப்ட்டையும் சேர்த்துக் கொடுத்தால், மென்பொருளின் வேலை நிறமும் மணலும் நுரையும் பூசுவதோடு நிற்கும். அளவு நம் கையில் இருக்கும். 2023-ல் வந்த கன்ட்ரோல்நெட் போன்ற இணைப்புகள், கொடுத்த கோடுகளை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும்படி செய்கின்றன. ஆனால் பிடியை முழுக்க இறுக்கினால் அலைமுகடு பென்சில் கோடுபோல் நேராக நின்றுவிடும். கொஞ்சம் தளர்த்தினால்தான் முகடு இங்கே உடைந்து அங்கே உடையாமல் இயல்பாக வரும்.

வந்த படத்தைச் சரிபார்ப்பதும் அதே கணக்குதான். ஒரு படகை அளந்து 9 மீட்டர் என்று வைத்துக்கொண்டு, அந்த அளவால் மற்றவற்றை அளக்க வேண்டும். வெளிப்புற முகடுகள் இரண்டுக்கு இடையே மூன்று படகு நீளம் இருக்கிறதா? தென்னையின் தலை ஒரு படகு நீளத்துக்குள் அடங்குகிறதா? ஆள் படகில் இருபதில் ஒரு பங்கா? இவற்றில் இரண்டு ஒத்துப்போய் ஒன்று மட்டும் தவறினால், அந்த இடத்தை மட்டும் அழித்து மறுபடி வரையச் சொல்லலாம். மூன்றும் மூன்று பக்கம் இழுத்தால் படத்தைத் திருத்துவதில் பயனில்லை, புதிதாகத் தொடங்குவதே மேல்.

கடைசியாகப் பெரிதாக்கும் கட்டத்தில் ஒரு பொறி இருக்கிறது. சரியாக வந்த படத்தை அச்சுக்காக நான்கு மடங்கு பெரிதாக்கும் சில கருவிகள், படத்தைச் சிறு சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாக விவரம் சேர்க்கின்றன. வெறும் மணல் மட்டும் உள்ள கட்டத்துக்கு, தான் 180 மீட்டர் கரையின் ஒரு துண்டு என்பது தெரியாது. முழு ப்ராம்ப்ட்டும் அந்தக் கட்டத்துக்கும் போவதால், அது அந்த மணலுக்குள்ளேயே புதிதாக ஒரு குட்டிக் கரையையும், நகமளவு படகுகளையும், அவற்றுக்குக் குட்டி நிழலையும் வரைந்து வைத்துவிடும். பெரிதாக்கும்போது ப்ராம்ப்ட்டிலிருந்து படகு, ஆள், அலை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, "ஈரமணல், கலங்கிய கடல்நீர்" என்ற அளவில் மட்டும் வைத்து, புதிதாக வரையும் சுதந்திரத்தையும் குறைத்துவிட வேண்டும். பெரிதாக்கிய பிறகு தோப்பின் நிழல்களுக்குள்ளும் நுரையின் ஓரங்களிலும் ஒருமுறை பெரிதுபடுத்திப் பார்ப்பது நல்லது. குட்டிப் படகுகள் ஒளிவது பெரும்பாலும் அங்கேதான்.